ஜெர்மனியில் உள்ளூர் மாணவர்களோடு நட்பு: முதல் செமஸ்டருக்கான முழு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி வரும் பலருடைய முதல் மாதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சீனியர்களின் வாட்ஸாப் குழுவில் சேர்ந்திருப்போம். விமான நிலையத்துக்கு அழைக்க வருபவர் தமிழர், முதல் வாரம் தங்குவது தமிழர் அறையில், சாம்பார் பொடி எங்கே கிடைக்கும் என்று சொல்பவரும் தமிழர். இந்த உதவி இல்லாமல் அந்த மாதத்தைக் கடப்பது கஷ்டம். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வகுப்பில் ஒரு ஜெர்மன் மாணவரின் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

இதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. படிப்பின் அமைப்பே அப்படி. ஆங்கிலத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் வகுப்புகளில் பெரும்பாலும் இந்தியா, சீனா, ஈரான், துருக்கி என்று வெளிநாட்டு மாணவர்களே அதிகம். அதே துறையின் ஜெர்மன் மாணவர்கள் ஜெர்மன் மொழியில் நடக்கும் மாஸ்டர்ஸில் இருப்பார்கள். அவர்களில் பலர் அதே பல்கலைக்கழகத்தில் மூன்று, நான்கு வருடம் பேச்சலர் முடித்தவர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு வட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் பலர் ரயிலேறிப் பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் வார இறுதியில் அவர்களைச் சந்திக்கலாம் என்று நாம் போடும் கணக்கு பலிக்காது.

இங்கே நட்பு எப்படி உருவாகிறது என்பதைக் கவனித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். ஒரே கிழமை, ஒரே இடம், அதே ஆட்கள், கையில் சேர்ந்து செய்ய ஒரு வேலை. இது எட்டுப் பத்து வாரம் தொடர்ந்தால் பேச்சு தானாக வரும். சர்வதேச மாணவர்களுக்கான வரவேற்பு விருந்து, நகரச் சுற்றுலா, பார்ட்டி போன்றவற்றில் ஒரே இரவில் நாற்பது பேரிடம் பேசலாம், ஆனால் அடுத்த வாரம் அவர்களை எங்கே பார்ப்பது என்பதற்கு வழியில்லை. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும், ஒரு செமஸ்டரின் பதினான்கு பதினைந்து வாரங்களை அந்தத் தொடர் சந்திப்புக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியதுதான்.

புரிவதற்காக ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் பி.இ. முடித்து, ஜெர்மன் மொழியில் அடிப்படை நிலையான ஏ2 வரை படித்து, ஆஹன் நகரத்தில் ஆங்கில வழி மாஸ்டர்ஸ் சேர்கிறார். இரண்டு தமிழ்ப் பெண்களோடு வீட்டைப் பகிர்ந்திருக்கிறார். ஒவ்வொரு படியிலும் இவர் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

படி 1: வகுப்பு தொடங்கும் முன் நாள்காட்டியைப் பிடியுங்கள்

குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கும், வகுப்புகள் பொதுவாக அக்டோபர் நடுவில் ஆரம்பித்துப் பிப்ரவரி தொடக்கம் வரை நடக்கும். கோடை செமஸ்டர் ஏப்ரல் முதல் ஜூலை வரை. மாணவர் குழுக்கள் எல்லாம் புது ஆட்களைச் சேர்ப்பது வகுப்பு தொடங்கும் முதல் இரண்டு மூன்று வாரங்களில்தான். டிசம்பரில் போய்க் கேட்டால் யாரும் விரட்ட மாட்டார்கள், ஆனால் குழு ஏற்கெனவே கூடிவிட்டிருக்கும்.

செப்டம்பரிலேயே செய்ய வேண்டியவை மூன்று. பல்கலைக்கழகத்தின் பெயரோடு Hochschulsport என்று தேடுங்கள், விளையாட்டுப் பயிற்சிகளின் முழுப் பட்டியல் கிடைக்கும். பதிவு ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்குத் திறக்கும். கைப்பந்து, பாறையேற்றம், நடனம் போன்றவை சில நிமிடங்களில் நிரம்பிவிடும், எனவே அந்த நேரத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்து Fachschaft என்று தேடுங்கள். இது உங்கள் துறையின் மாணவர் பிரதிநிதிக் குழு. புது மாணவர்களுக்கான அறிமுக வாரத்தை நடத்துவது இவர்கள்தான். கடைசியாக, மொழிப் பரிமாற்றத்துக்கு Sprachtandem என்று தேடி, மொழி மையத்தின் பதிவுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழ் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். அதுவும் விசாவும் தாமதமாகி நவம்பரில் வந்து இறங்குபவர்கள் உண்டு. அப்படி வந்தால் கவலைப்பட வேண்டாம், வரிசையை மட்டும் மாற்றுங்கள். விளையாட்டு வகுப்பில் பணம் கட்டிவிட்டு வராமல் போனவர்களின் இடம் காலியாக இருக்கும், பயிற்சியாளரை நேரில் போய்க் கேளுங்கள். மொழிப் பரிமாற்றத்தை உடனே தொடங்குங்கள், அதற்குப் பருவம் அவ்வளவு முக்கியமில்லை. மற்றவற்றை ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அதில் செமஸ்டர் முழுவதும் இருங்கள்

ஆர்வத்தில் நான்கு குழுக்களில் பெயர் கொடுத்து, மூன்றாவது வாரம் எதற்கும் போகாமல் விடுவதுதான் அதிகம் நடக்கிறது. ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது? குழுவின் பெயரைப் பார்க்காமல் அதன் நடைமுறையைப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் அதே ஆட்கள் வருகிறார்களா? ஒருவர் மற்றவரைச் சார்ந்து இயங்க வேண்டியிருக்கிறதா? முடிந்தபின் சேர்ந்து உட்காரும் வழக்கம் உண்டா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது நல்ல குழு.

இந்த அளவுகோலில் ஜிம் தேறாது. இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாக எடை தூக்கும் இடத்தில் வருடக்கணக்கில் போனாலும் யாரும் பழக மாட்டார்கள். ஆனால் கயிறு கட்டி ஏறும் பாறையேற்றப் பயிற்சியில் ஒருவர் ஏற, மற்றவர் கீழே கயிற்றைப் பிடிக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே ஒருவர் உயிரை மற்றவர் நம்பிப் பிடிக்கிறார், பேசாமல் இருக்கவே முடியாது. ஜோடி மாற்றி ஆடும் நடன வகுப்பு, கலப்பு அணி கைப்பந்து, பேட்மிண்டன் இரட்டையர் எல்லாம் இந்த வகைதான். மாணவர்களுக்கான கட்டணமும் வெளிக் கிளப்புகளோடு ஒப்பிட்டால் குறைவு.

கிரிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் கிரிக்கெட் அணிகள் நிறைய இருக்கின்றன, ஆடுபவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இலங்கை வம்சாவளியினர். ஆடுங்கள், மனசுக்கு அவ்வளவு நல்லது. ஆனால் உள்ளூர் மாணவர்களைச் சந்திக்கும் வழியாக அதை எண்ணாதீர்கள்.

பாடத் தெரிந்தவர்களுக்குப் பல்கலைக்கழகச் சேர்ந்திசைக் குழுவைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம். வாரம் ஒரு மாலை ஒத்திகை, செமஸ்டர் முடிவில் கச்சேரி, நடுவில் பெரும்பாலும் ஒரு வார இறுதி முழுக்க வெளியூரில் இளைஞர் விடுதி ஒன்றில் தங்கி ஒத்திகை. அந்த இரண்டு நாள், சேர்ந்து சமைத்து, பாத்திரம் கழுவி, இரவு பலகை விளையாட்டு ஆடும்போது, இரண்டு மாதத்தில் நடக்காத பழக்கம் நடந்துவிடும். மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கத் தெரியாவிட்டாலும் எடுத்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு, முதலிலேயே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கர்நாடக சங்கீதம் படித்தவர்களின் காது அங்கே நன்றாகவே உதவும்.

பொறியியல் மாணவர்களுக்கு, தாங்களே பந்தயக் கார் வடிவமைத்துச் செய்து போட்டியிடும் ஃபார்முலா ஸ்டூடன்ட் அணிகள் இருக்கின்றன. ஆஹனில் அந்த அணியின் பெயர் எக்யூரி ஏக்ஸ். இவற்றில் நட்பு வேகமாக வளரும், இரவு பகலாகச் சேர்ந்து வேலை செய்வதால். அதே காரணத்தால் படிப்பும் அடிவாங்கும். பகுதிநேர வேலை பார்த்துத்தான் வாடகை கட்ட வேண்டும் என்கிற நிலையில் முதல் செமஸ்டரில் இதில் சேருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஊர்க் கிளப்புகளும் இருக்கின்றன. ஜெர்மனியில் பதிவு பெற்ற கிளப்புகள் 6 லட்சத்துக்கு மேல், சின்ன ஊரில்கூட மேசைப்பந்து, சதுரங்கம், மலைநடை என்று ஏதாவது இருக்கும். செஸ் ஆடத் தெரிந்த தமிழ் மாணவருக்கு இது அருமையான வாசல், அதிகம் பேசாமலே முதல் மாதம் ஓட்டலாம். பொதுவாக ஒன்றிரண்டு முறை இலவசமாக வந்து பார்க்க விடுவார்கள். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் விலகும் விதியைப் படியுங்கள். எழுத்துமூலம் முன்கூட்டியே விலகல் கடிதம் கொடுக்காவிட்டால் சந்தா தொடர்ந்து வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படும்.

மொழி எவ்வளவு தேவை? விளையாட்டுக்கு ஏ2 போதும், செய்து காட்டுவதைப் பார்த்துச் செய்யலாம். சேர்ந்திசைக்கு பி1 இருந்தால் வசதி. துறைப் பிரதிநிதிக் குழுவின் கூட்டங்கள் வேகமான ஜெர்மனில் நடக்கும், பி2 வரும்வரை களைப்பாக இருக்கும். ஆனாலும் அவர்கள் நடத்தும் கிரில் மாலைகளில் மேசை தூக்கவும் பானம் விற்கவும் ஆள் தேவைப்படும், அதற்கு எந்த நிலையும் வேண்டாம்.

நம் கோவை மாணவி என்ன செய்கிறார்? செவ்வாய் மாலை பாறையேற்றத்தில் பதிவு செய்கிறார். முதல் நாள் யாரும் அவரிடம் வந்து பேசவில்லை. இது அலட்சியம் இல்லை. நம் ஊரில் புதிதாக ஒருவர் வந்தால் எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று நான்கு கேள்வி வரும். இங்கே முன்பின் தெரியாதவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் மரியாதை. எனவே பேச்சை அவரே வேலையிலிருந்து தொடங்க வேண்டும்: இந்த முடிச்சைச் சரியாகப் போட்டிருக்கிறேனா, அந்தப் பச்சைப் பாதை கஷ்டமா? சொந்த விஷயத்தைப் பிற்பாடு பேசலாம். வகுப்பு முடிந்ததும் உடனே பையை எடுக்காமல், கயிறுகளைச் சுருட்டி உள்ளே வைக்க உதவுகிறார். மூன்றாவது வாரம் யாரோ, “நாங்கள் ஏதாவது குடிக்கப் போகிறோம், வருகிறாயா?” என்று கேட்கிறார்கள். அதற்குக் கட்டாயம் போக வேண்டும். மது குடிக்காதவர் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஷோர்லே கேட்கலாம், விளக்கம் சொல்லத் தேவையில்லை, ஜெர்மானியர்களே பலர் அதைத்தான் குடிப்பார்கள். அவரவர் கணக்கை அவரவர் கொடுப்பார்கள். எல்லோருக்கும் சேர்த்து நாம் கொடுத்துவிட்டால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

படி 3: படிப்புக் குழு

இங்கே நம் மாணவர்கள் வலுவாக நிற்க முடியும், ஏனென்றால் கொடுப்பதற்குக் கையில் ஏதோ இருக்கிறது. ஆனால் முதலில் ஜெர்மன் மாணவர்கள் இருக்கும் வகுப்புக்குப் போக வேண்டும். விருப்பப் பாடங்களில் ஒன்றையாவது ஜெர்மன் மாணவர்களும் எடுக்கும் பாடமாகப் பாருங்கள். ஆய்வகப் பயிற்சி, செயல்திட்டம், கணக்கு அதிகமுள்ள பாடம் என்றால் மொழி குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். தேர்வு எந்த மொழியில் எழுதலாம் என்பதைப் பேராசிரியரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். மதிப்பெண்ணைப் பணயம் வைத்து நட்பு தேட வேண்டாம்.

கணிதம், கணினி, பொறியியல் பாடங்கள் பலவற்றில் வாரம் ஒரு பயிற்சித்தாள் வரும். அதை இரண்டு மூன்று பேர் சேர்ந்து சமர்ப்பிக்கலாம் என்று பல இடங்களில் விதி உண்டு. இந்தச் சேர்க்கை முதல் பயிற்சி வகுப்பிலேயே முடிவாகிவிடும். அப்போது தமிழ் நண்பர்கள் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் குழு தானாக அமைந்துவிடும், கதை முடிந்தது. ஒரு பாடத்திலாவது தள்ளி உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் “ஹாப்ட் ஈயர் ஷோன் ஐனே க்ருப்பே?” என்று கேட்டால் போதும், உங்களுக்குக் குழு அமைந்துவிட்டதா என்று பொருள். ஏற்கெனவே மூன்று பேர் இருந்தால் இல்லை என்பார்கள். அடுத்த வரிசையில் கேளுங்கள்.

குழு அமைந்தபின் கெடுவது எங்கே? பயிற்சித்தாளில் நான்கு கணக்கு இருந்தால், ஆளுக்கு ஒன்று பிரித்துக்கொண்டு வாட்ஸாப்பில் படம் அனுப்பிக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். வேலை நடக்கும், ஆனால் யாரும் யாரையும் சந்திக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, “எல்லோரும் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்போம், புதன் 2 மணிக்கு நூலகக் குழு அறையில் உட்கார்ந்து ஒப்பிடுவோம்” என்று முதல் வாரமே சொல்லுங்கள். குழு அறைகளைப் பல நூலகங்களில் இணையத்தில் பதிவு செய்யலாம். அந்தப் பதிவை நீங்களே வாராவாரம் செய்தால், கேட்காமலே அந்தக் குழுவின் நடுவில் நீங்கள் இருப்பீர்கள்.

அடுத்து, தயாரிக்காமல் வருவது. ஒரு முறை மன்னிப்பார்கள், இரண்டாம் முறை எதுவும் சொல்ல மாட்டார்கள், மூன்றாம் முறை சந்திப்பு நடப்பதே உங்களுக்குத் தெரியாது. கணக்கு வரவில்லை என்றால் எங்கே சிக்கியது என்று எழுதிக்கொண்டு வாருங்கள், அதுவே தயாரிப்புதான். நேரமும் அப்படியே. ஐந்து நிமிடம் தாமதம் என்றாலும் முன்கூட்டிச் செய்தி அனுப்பிவிட வேண்டும்.

இன்னொன்று, நம்மில் பலரிடம் உள்ள பழக்கம்: மற்றவர் சொன்ன விடை தவறு என்று தெரிந்தாலும் முகம் பார்த்துப் பேசாமல் இருந்துவிடுவது. இங்கே “இது தப்பு என்று நினைக்கிறேன், மூன்றாவது வரியைப் பார்” என்று நேராகச் சொல்லலாம். அவர்களும் உங்களிடம் அப்படித்தான் சொல்வார்கள். கணக்கைக் குறை சொன்னால் ஆளைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நாமும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழுவில் இன்னொரு தமிழர் இருந்தால் ஒரே ஒரு கட்டுப்பாடு: மேசையில் தமிழ் வேண்டாம். அவசரத்துக்கு ஒரு வாக்கியம் பேசிவிட்டால் உடனே மற்றவர்களுக்கு அது என்னவென்று சொல்லிவிடுங்கள். புரியாத மொழிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் சண்டை போட மாட்டார், அடுத்த வாரம் வேறு வேலை இருக்கிறது என்பார்.

கூட்டம் முடியும் நேரத்தைச் சாப்பாட்டு நேரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். 10 மணிக்குத் தொடங்கி 12-க்கு முடிந்தால் எல்லோரும் மென்சாவுக்கு, அதாவது மாணவர் உணவகத்துக்குப் போவார்கள். நட்பு வளர்வது அந்த முக்கால் மணி நேரத்தில்தான். அங்கே சைவ உணவு எப்போதும் இருக்கும், வீட்டு டப்பாவைக் கொண்டுபோய்த் திறந்தாலும் யாரும் தடுப்பதில்லை.

நம் மாணவிக்கு இங்கே ஒரு சறுக்கல் வரலாம். நவம்பர் நடுவில் குழுவில் இருந்த இருவரும் அவரைப் பார்த்தாலே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அது அன்பு, ஆனால் அவருடைய ஜெர்மன் நின்றுவிடும், அவர்களும் தங்களுக்குள் பேசும்போது அவர் வெளியே ஆகிவிடுவார். அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “பாடத்தை ஆங்கிலத்தில் பேசலாம், மென்சாவில் ஜெர்மன் பேசலாமா? புரியவில்லை என்றால் நானே நிறுத்துகிறேன்.” இப்படித் தெளிவாகப் பிரித்துச் சொன்னால் மறுப்பவர்கள் குறைவு.

படி 4: மொழிப் பரிமாற்றம்

டாண்டம் என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டில் இருவர் தத்தம் மொழியை ஒருவருக்கொருவர் சொல்லித்தருகிறார்கள். மொழி மையத்தின் படிவத்தில், கற்க விரும்பும் மொழி, தரக்கூடிய மொழி என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நம்மவர்கள் தயங்குவது இரண்டாவது கட்டத்தில். தமிழ் யாருக்கு வேண்டும் என்று நினைத்து, அரைகுறையாகத் தெரிந்த ஹிந்தியைப் போட்டுவிடுகிறார்கள்.

தமிழைப் போடுங்கள். கேட்பவர்கள் குறைவுதான், ஆனால் கேட்பவர்கள் உறுதியான காரணத்தோடு வருவார்கள். சென்னை ஐஐடி 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. அந்த உறவு இன்றும் தொடர்வதால் ஆஹன் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஒரு செமஸ்டர் சென்னைக்குப் போகும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆட்டோவில் பேரம் பேசவும் மெஸ்ஸில் காரம் குறைவாகக் கேட்கவும் அவர்களுக்குத் தமிழ் வேண்டும். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் பாடமாகவே இருக்கிறது, அங்கே படிப்பவர்களுக்குப் பேச்சுத் தமிழ் பழக ஆள் தேவை. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு அலுவலகத்துக்கு, “சென்னைக்குப் போகும் மாணவர் யாராவது இருந்தால் தமிழ் பேசப் பழக்கித் தருகிறேன்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.

யாரும் கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தை இரண்டாவதாகப் போடலாம். வேலை நேர்காணலுக்கும் ஆய்வறிக்கைக்கும் ஆங்கிலம் பேசிப் பழக விரும்பும் ஜெர்மன் மாணவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் மாணவர்களோடு போட்டி இருக்கும் என்பதால் உங்கள் பலத்தை எழுதுங்கள்: தொழில்நுட்ப ஆங்கிலம், விளக்கவுரைப் பயிற்சி, இந்தியக் குழுக்களோடு வேலை செய்யப் பழகுதல்.

ஒரு சந்திப்பை எப்படி நடத்துவது? தொண்ணூறு நிமிடம் போதும். முதல் நாற்பது நிமிடம் ஜெர்மன், பத்து நிமிட இடைவேளை, பின் நாற்பது நிமிடம் மற்ற மொழி. கைப்பேசியில் அலாரம் வையுங்கள். அலாரம் இல்லாமல் தொடங்கினால், மூன்றாவது வாரத்துக்குள் இருவரில் யாருக்கு எது சுலபமோ அந்த மொழியிலேயே முழு நேரமும் போய்விடும், பெரும்பாலும் அது ஆங்கிலம். திருத்தும் முறையையும் பேசிவையுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தினால் பேச்சே வராது. எதிரில் இருப்பவர் தாளில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று நான்கு பிழைகளை மட்டும் சொன்னால் நன்றாக நிற்கும்.

தலைப்பை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வானிலையும் படிப்பும் முடிந்ததும் மௌனம் வந்துவிடும். முதல் சந்திப்பில் உங்கள் ஊர்த் தெருவைப் பற்றி, இரண்டாவதில் பள்ளிக்கூடம், மூன்றாவதில் ஒரு சமையல் குறிப்பு, நான்காவதில் ஆளுக்கு ஒரு செய்தித்துண்டு என்று போகலாம். ஐந்தாவது சந்திப்பை உட்காராமல் நடந்துகொண்டே வையுங்கள். ஆஹனில் என்றால் லூஸ்பெர்க் குன்றைச் சுற்றி வரலாம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகம் பார்த்துத் தடுமாறும் கூச்சம் குறையும், கண்ணில் படுவதே பேச்சுக்குப் பொருளாகும்.

கெடும் இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். வீட்டு ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம், நகராட்சிப் படிவம் எல்லாவற்றையும் டாண்டம் நண்பரிடம் கொண்டுபோய் நீட்டுவது ஒன்று. ஒரு கடிதம் சரி, வாராவாரம் என்றால் அவர் இலவச அலுவலகமாக உணர்வார். மற்றது, இதைக் காதல் தேடும் இடமாக எடுத்துக்கொள்பவர்கள். இரு பக்கமும் நடக்கிறது. முதல் சில சந்திப்புகளை நூலகம், மென்சா போன்ற பொது இடத்தில் வையுங்கள். அசௌகரியமாக இருந்தால், “எனக்கு இது மொழிப் பயிற்சிக்கு மட்டும்” என்று நேராகச் சொல்லுங்கள், மாறவில்லை என்றால் மொழி மையத்துக்கு எழுதி வேறு இணை கேளுங்கள். அதற்காக யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இது நட்பாக மாறுகிறதா என்று எப்படித் தெரியும்? மொழி நேரத்துக்கு வெளியே ஏதாவது ஒன்றை அவரே சொல்லும்போது. கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகலாமா, என் வீட்டில் விளையாட்டு மாலை வைக்கிறோம், வருகிறாயா என்று கேட்டால் மாறிவிட்டது என்று பொருள். ஆறேழு சந்திப்புக்குப் பிறகும் அப்படி எதுவும் வரவில்லை, நீங்கள் கேட்டதற்கும் நழுவினார் என்றால், அது நல்ல மொழிப் பயிற்சி. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: வீட்டுக்கு அழைப்பது

“ஒருநாள் வீட்டுக்கு வாங்க” என்று நாம் அன்போடு சொல்வதை இங்கே அழைப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அழைப்பு என்றால் தேதி, மணி, முகவரி வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு வாரம் முன்னால். அடுத்தநாள் மாலைக்கு இன்று அழைத்தால் பெரும்பாலும் முடியாது என்பார்கள், அவர்கள் நாட்கள் முன்பே நிரம்பியிருக்கும்.

முடியாது என்ற பதிலை எப்படிப் படிப்பது? “அன்றைக்கு முடியாது, அடுத்த வியாழன் இருந்தால் வருகிறேன்” என்றால் உண்மையிலேயே வர விரும்புகிறார். மாற்றுத் தேதி சொல்லாமல் மறுத்தால், சில வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே என்றால் விட்டுவிடுங்கள். வியாழன் மாலை நல்ல நாள், வெள்ளியன்று ஊருக்குப் போகிறவர்களும் வர முடியும்.

முதல் அழைப்புக்குப் பொங்கல் அருமையாகப் பொருந்துகிறது. தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வந்துவிடும், அப்போது யாரையும் சரியாகத் தெரிந்திருக்காது. ஜனவரி நடுவில் மூன்று மாதப் பழக்கம் இருக்கும், தேர்வு நெருக்கடி இன்னும் முழுதாகத் தொடங்கியிருக்காது, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவர்களும் திரும்பியிருப்பார்கள்.

நம் மாணவி பாறையேற்றத்தில் இருந்து இருவர், படிப்புக் குழுவில் இருந்து இருவர், டாண்டம் தோழி, கூடவே வீட்டில் உள்ள இரண்டு தமிழ்ப் பெண்கள் என்று எட்டுப் பேருக்குத் திட்டமிடுகிறார். தமிழர் பதினைந்து, ஜெர்மன் இரண்டு என்று வைத்திருந்தால் அந்த இருவர் ஓரத்தில் உட்கார்ந்து சீக்கிரம் கிளம்பியிருப்பார்கள். ஒவ்வாமை உண்டா, இறைச்சி சாப்பிடாதவர் உண்டா என்று முன்பே கேட்கிறார். “நான் என்ன கொண்டு வரட்டும்?” என்று எல்லோரும் கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாமல், ஒருவருக்குச் சாறு, ஒருவருக்குச் சாலட், ஒருவருக்குப் பழம் என்று பிரித்துக் கொடுக்கிறார். கையில் ஒன்றைக் கொண்டு வருபவர் விருந்தாளியாக ஒதுங்கி உட்கார மாட்டார். வெண்பொங்கலில் மிளகைக் குறைத்து, சட்னியைத் தனியாக வைக்கிறார். பொருட்களை முன்னதாகவே வாங்கிவிட வேண்டும், ஞாயிறு கடைகள் அடைத்திருக்கும். இரவு 10 மணிக்குமேல் சத்தம் கூடாது என்பதால் ஏழு மணிக்கே தொடங்குகிறார். எல்லோரும் சொன்ன மணிக்கு வந்து நிற்பார்கள், ஆறே முக்காலுக்குச் சமையல் முடிந்திருக்க வேண்டும்.

பிறந்தநாள் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். முன்னதாக வாழ்த்துச் சொல்லாதீர்கள், அது கெட்ட சகுனம் என்று நம்புகிறார்கள். பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டு வருவார், விருந்தும் அவர்தான் வைப்பார். உங்கள் பிறந்தநாளன்று யாரோ ஏற்பாடு செய்வார்கள் என்று காத்திருக்காமல், படிப்புக் குழுவுக்கு ஒரு கேக்கை நீங்களே எடுத்துப் போங்கள்.

தமிழ் நண்பர்களை என்ன செய்வது?

அவர்களை விட்டு விலக வேண்டியதே இல்லை. காய்ச்சலில் படுத்தால் ரசம் வைத்துத் தருவது அவர்கள்தான். செவ்வாயும் புதனும் எனக்கு வெளியே வேலை, வெள்ளி இரவு நம் சமையல் என்று வீட்டில் சொல்லிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது. சிலர், “என்ன, பெரிய ஆள் ஆகிட்டீங்க” என்று சீண்டுவார்கள். பாறையேற்றத்துக்கு ஒருநாள் அவர்களையும் கூட்டிப் போங்கள், ஆனால் ஒருவரை மட்டும்.

ஏதோ ஒரு குழுவில் உங்கள் நிறத்தையோ நாட்டையோ வைத்து மட்டம் தட்டினால், பொறுத்துப் பழக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பல பல்கலைக்கழகங்களில் பாகுபாடு பற்றி முறையிட ஒரு அலுவலகம் இருக்கிறது, மாணவர் பேரவையிடமும் சொல்லலாம். வேறு குழுவுக்கு மாறுங்கள்.

படி 6: பிப்ரவரி இடைவெளி

ஜனவரி கடைசியில் இருந்து எல்லோரும் தேர்வுக்குள் மறைந்துவிடுவார்கள். செய்திக்குப் பதில் இரண்டு நாள் கழித்து வரும், ஒரு வார்த்தையில் வரும். தப்பாக எடுக்காதீர்கள். இந்த நாட்களில் நூலகத்தில் அவர்கள் உட்காரும் தளத்தில் உட்கார்ந்து, “12 மணிக்கு மென்சா?” என்று மட்டும் கேளுங்கள், அது யாருக்கும் பாரமில்லை. பழைய வினாத்தாள்களைத் துறைப் பிரதிநிதிக் குழு பல இடங்களில் சேர்த்து வைத்திருக்கும், வாங்கி எல்லோருக்கும் பகிருங்கள்.

தேர்வு முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள்: ஒருவர் நிறுவனப் பயிற்சிக்கு, ஒருவர் வெளிநாட்டு செமஸ்டருக்கு, ஒருவர் பெற்றோர் வீட்டுக்கு. ஏப்ரலில் விளையாட்டு வகுப்பின் பட்டியல் புதிதாகும், அதே ஆட்கள் அதே கிழமையில் இருப்பார்கள் என்று உறுதியில்லை. எனவே கடைசி வகுப்பன்றே, அடுத்த செமஸ்டரிலும் இதே செவ்வாய் மாலை பதிவு செய்கிறீர்களா என்று கேட்டு, பதிவு திறக்கும் நாளை எல்லோருக்கும் குழுச் செய்தியில் அனுப்பிவிடுங்கள். சென்னைக்குக் கிளம்பும் டாண்டம் நண்பர் இருந்தால், அங்கே உங்கள் கல்லூரித் தோழர் ஒருவரின் எண்ணை, அவரிடம் கேட்டுவிட்டு, கொடுத்தனுப்புங்கள்.